தாத்தா கடிதத்தின் பதின்மூன்று எழுத்துகள்

1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935லேயே கையாண்ட சீர்திருத்தத்தை ஒட்டிய மாற்றம் அது. ணா, றா, னா மூன்றும் அவற்றோடு கொம்பு சேர்ந்த ஆறு எழுத்துகளும் (ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ) ஒருவகை. அவற்றில் கால் தனியே நிற்காது. மெய்யின் கடைசிக் கோடே வளைந்து அதனுடன் ஒட்டிக்கொள்ளும். ணை, லை, ளை, னை நான்கும் இன்னொரு வகை. அவற்றின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி.

பள்ளியில் பழைய வடிவம் கற்றவர்கள் பலர் ஆணைக்குப் பிறகும் கையால் அப்படியேதான் எழுதினார்கள். அவர்கள் கடிதத்தைப் படிப்பதற்கு அச்சுப் பட்டியல் மட்டும் போதாது. அவரவர் கைக்கு ஒரு பட்டியல் வேண்டும். ‘இல்லை’, ‘பிள்ளை’, ‘ஆனால்’ போல ஐயமின்றித் தெரியும் சொற்களைக் கடிதத்திலேயே தேடிப் பிடித்து, அவர் லை, ளை, னா போடும் விதத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1950களின் கடிதத்தில் வரக்கூடிய ஒரு வரி: ‘அண்ணா நெல்லை விற்றாரா இல்லையா தெரியவில்லை.’ லை மூன்று இடங்களில் வருவதால் துதிக்கை சீக்கிரம் பிடிபடும். சிக்கல் ‘விற்றாரா’வில்தான். வேகமாக எழுதும் கை புள்ளி வைக்காது. ரகரத்தின் அடிச்சாய்வையும் விட்டுவிடும். அப்போது ரவும் காலும் ஒரே உருவம். பழைய றாவில் கால் உள்ளேயே அடங்கிவிடுவதால், அதன் பின் நிற்கும் இரண்டு உருவங்களில் முதலாவது ர, இரண்டாவது அதன் கால். இதை அறியாதவர் முதலாவதை றாவின் காலாகவும் இரண்டாவதைப் புள்ளியில்லாத ‘ர்’ ஆகவும் கொண்டு, ‘விற்றார்’ என்று படிப்பார். கேள்வி செய்தியாகிவிடும்! அடுத்து வரும் ‘இல்லையா’தான் அந்த வாசிப்பு தவறென்று காட்டிக்கொடுக்கிறது. ஆகவே எழுத்தெழுத்தாகப் படித்த பின் வரியை முழுதாக ஒருமுறை வாசித்தே தீரவேண்டும்.

ணையும் னையும் சில கைகளில் பிரித்தறிய முடியாதபடி இருக்கும், ஏனென்றால் துதிக்கை முன்சுழியை விழுங்கிவிடுகிறது. அங்கே ‘துணை’யா ‘வினை’யா என்பதைச் சொல்தான் தீர்மானிக்கும். தீராவிட்டால் அந்த எழுத்தருகே கேள்விக்குறி இட்டு வைப்பதே நேர்மை.

கணினியில் தட்டும்போது பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. மாற்றவேண்டியது அந்த வடிவத்தை மட்டும்தான். எழுதியவர் ‘ஸௌக்கியம்’, ‘வருஷம்’ என்று எழுதியிருந்தால் அவை அப்படியே நிற்கட்டும். அதை ‘நலம்’, ‘ஆண்டு’ என்று திருத்துவது அவர் பேச்சையே அழிப்பதாகும். விட்டுப்போன புள்ளிகளை இடலாம். ஆனால் புள்ளியில்லாத முதல் படி ஒன்றும் மூலக் கடிதத்தின் நிழற்படமும் கூடவே இருக்கவேண்டும், பின்னால் ஒருவர் ‘விற்றாரா’வைச் சரிபார்க்க.