கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

‘வெற்றி’ என்று தாளில் எழுதும் கை முதலில் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் வகரத்துக்கு வருகிறது. கணினி அப்படிச் செய்வதில்லை. யூனிகோடு முறையில் தமிழ் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் மெய், அதன் பின்னால் உயிர்க்குறி. ‘வெற்றி’ என்ற சொல் கோப்புக்குள் ஆறு குறியீடுகளாக இப்படித்தான் கிடக்கும்:

```
வ  U+0BB5
ெ  U+0BC6
ற  U+0BB1
்  U+0BCD
ற  U+0BB1
ி  U+0BBF
```

இந்த வரிசையைக் கண்ணுக்குப் பழகிய வடிவமாக்க இடையில் ஒரு நிரல் வேலை செய்தாக வேண்டும். அது கொம்பை வகரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும், புள்ளியை றகரத்தின் தலைக்கு மேல் நிறுத்தும், றகரத்தையும் இகரக் குறியையும் இணைக்கும். எழுத்தைக் கோக்கும் நிரல் என்று இதைச் சொல்லலாம். கைப்பேசியிலும் உலாவியிலும் இது எப்போதும் இயங்குவதால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. சில படத் திருத்த மென்பொருள்களில் இது இல்லை; சிலவற்றில் இருந்தும் முடக்கிக் கிடக்கிறது. அங்கே ஒவ்வொரு குறியீடும் ஆங்கில எழுத்தைப் போல வந்த வரிசையிலேயே வரையப்படுகிறது. வகரத்துக்குப் பின்னால் கொம்பு வந்து விழ, அடுத்த றகரத்தோடு சேர்த்து ‘றெ’ என்று கண் படித்துவிடுகிறது.

ஒகர, ஓகாரக் குறிகளில் சிக்கல் இன்னும் பெரியது. ‘கோயில்’ என்பதில் ககரத்துக்கு இடப்பக்கம் இரட்டைக் கொம்பும் வலப்பக்கம் காலும் வேண்டும். ஆனால் யூனிகோடில் ஓகாரக் குறி U+0BCB என்ற ஒரே குறியீடு. அதை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைப்பது கோக்கும் நிரலின் வேலை. அது நடக்காதபோது கொம்பும் காலும் ஒன்றாகவே ககரத்துக்குப் பின்னால் வரும். எழுத்துருவைப் பொறுத்து இடையில் புள்ளிகளால் ஆன வட்டம் தெரியலாம், அல்லது பக்கத்து எழுத்தின் மேலேயே ஏறி உட்காரலாம்.

கூட்டு வடிவங்கள் உடைவதற்குக் காரணம் வேறு. கு, டு, மு, ரு ஒவ்வொன்றிலும் உகரம் வெவ்வேறு விதமாக வளைகிறது. இவற்றுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. ‘கு’ என்ற ஓவியம் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கிறது. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் அதைப் போடு என்ற விதியும் கூடவே இருக்கிறது. விதியைப் படிக்க ஆள் இல்லாவிட்டால் ககரத்தின் பக்கத்தில் உகரக் குறி தனியே தொங்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ சிதறுவதும் இதனால்தான்.

தவறு தட்டச்சிலா, மென்பொருளிலா என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சிதைந்து தெரியும் வரியை நகலெடுத்து, கைப்பேசியின் குறிப்பேட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ‘வெற்றி’ சரியாக வந்தால் எழுத்தில் பிழையில்லை. வரைகிற இடத்தில்தான் கோளாறு. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்களில் கொம்பும் ‘கு’வும் தனித்தனி விசைக்கு உரிய ஓவியங்கள், கோக்கும் நிரல் இல்லாமலே சரியாகத் தெரியும். அச்சகங்கள் பல இன்னும் அவற்றை விடாததற்கு இது ஒரு காரணம்.

அவசரத்தில் சிலர் கொம்பை முன்னால் அடித்துவிட்டு வகரத்தைப் பின்னால் அடிக்கிறார்கள். திரையில் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சொல் கெட்டுவிட்டது. அதே கோப்பை ஒழுங்கான மென்பொருளில் திறந்தால் சொல்லின் தொடக்கத்தில் வெற்று வட்டத்தோடு கொம்பு நிற்கும். தேடினாலும் ‘வெற்றி’ கிடைக்காது. இது திருத்தமே அல்ல.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் பலவற்றில் கோக்கும் நிரல் உள்ளேயே இருக்கிறது, இயக்கத்தான் வேண்டும். `Preferences` பட்டியலில் `Type` பகுதிக்குப் போய் `Middle Eastern and South Asian` என்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பழைய கோப்பின் எழுத்து அடுக்குகள் தாமாக மாறாமல் இருக்கலாம். அவற்றுக்கு `Paragraph` பலகையின் பட்டியலில் `World-Ready` என்று தொடங்கும் அமைப்பைத் தனியே கொடுக்க வேண்டும். எழுத்துருவும் யூனிகோடு தமிழ் எழுத்துருவாக இருக்க வேண்டும்.

இந்த வசதியே இல்லாத மென்பொருள் என்றால், இங்க்ஸ்கேப்பில் வரியை அமைத்து, வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிப் படமாகக் கொண்டுவரலாம். மாற்றிய பிறகு அது எழுத்து அல்ல, வெறும் கோடு. ஒரு எழுத்துப் பிழையைக்கூட அதில் திருத்த முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் மெய்ப்புப் பார்த்துவிடுங்கள், எழுத்தாக உள்ள மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.