மை வேரில் இருக்கட்டும்

என் தங்கை மகளுக்கு இமை முடி குட்டை. அடர்த்தியும் குறைவு. கடைக்கண் பக்கம் நாலைந்து முடிக்கான இடம் வெறுமையாகவே கிடக்கும். போன தை மாதம் தோழியின் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும்போது, பருத்த பிரஷ் வைத்த புது மஸ்காராவை மூன்று தடவை பூசிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது முடிகள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி ஈர்க்குச்சி போல நின்றன. கன்னத்தில் கரித்தூள். கண்ணுக்குக் கீழே கருவளையம் போல ஒரு தீற்றல். சுருட்டி விட்ட வளைவும் போய், முடி பழையபடி கீழே பார்த்தது.

“மூணு தடவ போட்டேன் பெரியம்மா. இருந்த முடியும் காணாமப் போச்சு” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஒட்டிக்கொண்டதால் பத்து முடி நான்காகத் தெரிந்தது. நிறைய முடி உள்ளவர்களுக்கு இந்தத் தப்பு மறைந்துவிடும். குட்டை முடிக்கு மறைக்க இடமில்லை. அவளுக்கு நேர்ந்தவை நான்கு: கட்டி தட்டியது, உதிர்ந்தது, ஈஷியது, வளைவு இறங்கியது. நான்கும் ஒன்று போலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு.

மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடி வரை இருக்கும். நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். குட்டை முடி என்றால் அதைவிடக் குறைவு. அந்த நீளத்தில் மஸ்காரா உட்கார வேண்டும். சாதாரண மஸ்காரா என்பது மெழுகும், கறுப்பு நிறம் தரும் இரும்பு ஆக்ஸைடும், படலமாகப் பிடித்துக்கொள்ளும் பசைப்பொருளும் தண்ணீரில் குழைந்த கலவை. பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது, மெழுகு முடியைச் சுற்றி இறுகுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும்.

முதலில் வளைவு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கொண்டை போட்டு, காய்ந்தபின் அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்கும். மறுபடி நனைத்தால் அலை போய்விடும். முடியின் உள்ளே இருக்கும் சில பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்திவிடும். காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் அவை மறுபடி பிடித்துக்கொள்ளும். இமை முடிக்கும் இதே கதைதான். கர்லரால் அழுத்தி வளைத்த முடிமேல் தண்ணீர் கலந்த மஸ்காராவைக் கொழகொழவென்று அப்பினால், நாமே அதை நனைத்துவிடுகிறோம். போதாததற்கு மஸ்காராவின் பாரமும் சேர்ந்து கீழே இழுக்கிறது. நேராகக் கீழ்நோக்கி வளரும் குட்டை முடிக்கு வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா பொருந்துவது இதனால்தான். அதில் தண்ணீருக்குப் பதிலாகச் சீக்கிரம் ஆவியாகும் வேறொரு கரைப்பான் இருக்கும். வளைத்தது வளைத்தபடி இறுகிவிடும்.

கர்லரை எப்போதும் மஸ்காராவுக்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும். மை பூசிய முடி கர்லரின் ரப்பரில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது முறியும் அல்லது வேரோடு வரும். இருக்கிற முடியே கொஞ்சம் என்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. முகம் கழுவிய ஈரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மோவாயைச் சற்றுத் தூக்கி, பார்வையைக் கீழே வைத்து, கர்லரை முடியின் அடிவரை கொண்டுபோய், தோல் அகப்படவில்லை என்று பார்த்தபின் மெதுவாக மூடுங்கள். பத்து எண்ணும்வரை லேசான அழுத்தம் போதும். பிறகு கொஞ்சம் மேலே நகர்த்தி ஐந்து எண்ணுங்கள். ஒரே இடத்தில் இறுக்கி நெரித்தால் முடி வளையாது, மடியும். கர்லரை மூடியபடி இழுக்கவே கூடாது.

முடி மிகக் குட்டையாக இருந்தால், முழு அகலக் கர்லர் இமையின் ஓரங்களில் எட்டாது, நடுவில் தோலைக் கிள்ளும். அதற்கென்றே விரல் அகலத்தில் சின்னக் கர்லர் கிடைக்கிறது. உள்பக்கம், நடு, கடைக்கண் என்று மூன்று இடமாகப் பிடிக்கலாம். ரப்பரில் கோடு போலப் பள்ளம் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்; பள்ளம்தான் முடியை மடிக்கிறது. லைட்டரில் காட்டிச் சூடாக்கிப் பிடிக்கும் வேலை வேண்டாம். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது.

அடுத்து, கட்டி தட்டுவது. தங்கை மகள் வாங்கியது ‘வால்யூம்’ என்று எழுதிய, பஞ்சு போல் பருத்த பிரஷ். அது நீள முடிக்கானது. குட்டை முடியில் அது வேரைத் தொடுவதற்குள் இமைத் தோலைத் தொட்டுவிடும். மையெல்லாம் நுனியில் தங்கும். நமக்கு வேண்டியது மெல்லிய பிரஷ், அல்லது சீப்பு போல் பற்கள் உள்ள பிளாஸ்டிக் பிரஷ். வெளியே எடுத்ததும் அதன் முனையில் ஒரு சொட்டு மை திரண்டிருக்கும். டிஷ்யூவில் அதைத் துடைத்துவிட்டுத்தான் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரஷ் ஏறக்குறையக் காலியாகத் தெரிகிறதே என்று தோன்றும். அதுதான் அளவு.

கண்ணாடியை மோவாய்க்குக் கீழே பிடித்துக் குனிந்து பாருங்கள். இமை இறங்கி, வேர்கள் கண்ணுக்குத் தெரியும். பிரஷை வேரில் வைத்து இடமும் வலமுமாக இரண்டு மூன்று தரம் லேசாக அசைத்து, பிறகு மேலே இழுங்கள். வேரில் மை தங்கினால் முடிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி மறையும், அடர்த்தி கூடியதாகத் தெரியும். நுனி இயல்பாகவே நிறம் வெளுத்திருக்கும். பிரஷில் மிச்சமிருக்கும் மை பட்டாலே அது கறுத்து, முடி கொஞ்சம் நீண்டது போல் ஆகும். இரண்டாவது பூச்சு வேண்டுமானால் முதல் பூச்சு காயும் முன்பே, அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். காய்ந்த மெழுகின்மேல் ஈர மெழுகு ஏறினால் இரண்டும் கலக்காது. அங்கேதான் கட்டி பிறக்கிறது. பூசி முடித்த கையோடு சுத்தமான ஒரு வெறும் பிரஷால் ஒருமுறை சீவிவிட்டால் ஒட்டிய முடிகள் பிரியும்.

உதிர்வதும் ஈஷுவதும் ஒன்றல்ல. இரவு வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்குக் கீழே ஒரு டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். பொடிப்பொடியாக வந்தால் மஸ்காரா காய்ந்து நொறுங்குகிறது. குழம்பாகத் தீற்றினால் எண்ணெய் அதைக் கரைத்திருக்கிறது. தங்கை மகளுக்கு இரண்டும் இருந்தன.

காய்ந்து நொறுங்குவதற்கு முக்கியக் காரணம் காற்று. பிரஷைக் குழாய்க்குள் மேலும் கீழுமாகக் குத்தி எடுப்பது பலருக்குப் பழக்கம். அதனால் மை கூடுதலாக வராது. காற்றுதான் உள்ளே போகும். மெழுகு கெட்டிப்பட்டு, பூசினால் மணல் போல் உதிரும். பிரஷை உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும். பழைய குழாயில் தண்ணீர் ஊற்றித் தளர்த்துவது இன்னும் மோசம். தண்ணீரும் இமையிலிருந்து போகும் கிருமியும் சேர்ந்தால் குழாயே கிருமி வளர்க்கும் இடமாகிவிடும். அப்படிக் கெட்ட மஸ்காராவின் பிரஷ் கருவிழியில் கீறி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் கருவிழியில் புண் வந்ததை 1970களிலேயே அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஈஷுவதற்குக் காரணம் எண்ணெய். அது நம் வீட்டிலேயே இருக்கிறது. விளக்குச் சுடரில் பிடித்த கரியை விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்ததுதான் நம் கண்மை. கடையில் விற்கும் காஜலிலும் பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும்தான். அது இமை ஓரத்தில் இருந்து கசிந்து மஸ்காராவின் மெழுகைக் கரைக்கிறது. கண்ணுக்குக் கீழே தடவும் கிரீமும் சன்ஸ்கிரீனும் இதே வேலையைச் செய்யும். தங்கை மகள் அன்றைக்குக் கண்ணுக்குள் மையும், கண்ணடியில் கிரீமும், கீழ் இமையில் மஸ்காராவும் போட்டிருந்தாள்.

போன வாரம் இன்னொரு வரவேற்புக்கு வரிசையை மாற்றினோம். கண்ணடிக் கிரீமைக் கால் மணி நேரம் முன்பே, இமை ஓரத்திலிருந்து தள்ளித் தடவி, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றியெடுத்தாள். மைக்குப் பதிலாக, காய்ந்து இறுகும் வாட்டர்ப்ரூஃப் பென்சிலால் கடைக்கண் இடைவெளியில் வேருக்கு வேர் நடுவே புள்ளி வைத்தாள். சின்னக் கர்லரால் மூன்று இடத்தில் வளைத்து, மெல்லிய பிரஷால் ஒரே பூச்சு. கீழ் இமையைத் தொடவில்லை. இரவு பதினோரு மணிக்கு டிஷ்யூவில் இரண்டே இரண்டு துகள்தான் வந்தது. வளைவு அப்படியே இருந்தது.

கண்மை இல்லாமல் முடியாது என்பவர்களும், முகத்தில் எண்ணெய் வழிபவர்களும் ‘ட்யூபிங்’ மஸ்காராவைப் பார்க்கலாம். அதில் மெழுகுக்குப் பதிலாகப் பாலிமர் படலம் ஒவ்வொரு முடியையும் உறை போல மூடும். எண்ணெய்க்கு எளிதில் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல வருடினால் உறை உறையாகக் கழன்று வரும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவோ எண்ணெய் கலந்த ரிமூவருக்குத்தான் இணங்கும். பஞ்சில் நனைத்து மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்திருந்து, கீழ்நோக்கி ஒரே வாக்கில் துடையுங்கள். தேய்த்தால் முடிதான் வரும்.

தினம் ஒன்றிரண்டு முடி விழுவது இயல்பு. விழுந்த இடத்தில் முடி வளர்ந்து வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். விளக்கெண்ணெய் தடவினால் இமை முடி வளரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. முடியை மினுக்கிக் காட்டும், அவ்வளவே. மறுநாள் மஸ்காராவையும் ஈஷ வைக்கும். வளர்க்கும் என்று நிரூபிக்கப்பட்டது பைமடோப்ராஸ்ட் என்ற மருந்து. கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாக வந்த அதை, இமை முடிக்காக அமெரிக்க அரசு 2008இல் அனுமதித்தது. இமைத் தோல் கறுக்கலாம், கருவிழியின் நிறம் நிரந்தரமாக மாறலாம், நிறுத்தினால் முடி பழைய நிலைக்கே திரும்பும். கண் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம். முடி திடீரெனக் கொட்டினாலோ, வேரில் பொடுகு போலச் செதிலும் அரிப்பும் இருந்தாலோ மஸ்காராவை நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள். இமை அழற்சியிலிருந்து தைராய்டு வரை அதற்குக் காரணங்கள் உண்டு.

மஸ்காரா குழாயைத் திறந்த அன்றே அதன்மேல் ஒரு துண்டுத் தாளில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் ஆனதும், உள்ளே எவ்வளவு மிச்சம் இருந்தாலும், அது குப்பைக்கு.