பெண்டிங்கில் நிற்கும் பணம்

மாதத்தின் முதல் தேதி, மாலை ஏழு மணி. திருச்சியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் 1,860 ரூபாய். வாடிக்கையாளர் கடையின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, பின் நம்பரையும் அழுத்திவிட்டார். திரையில் வட்டம் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: கணக்கில் 1,860 ரூபாய் கழிக்கப்பட்டது. ஆனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. ஆப்பில் ‘பெண்டிங்’ என்று மஞ்சள் எழுத்து. “சார், எனக்கு வரலையே. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க” என்கிறார் கடைக்காரர். பின்னால் வரிசை நீள்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இன்னொரு தடவை போட்டுவிடுகிறார்கள். அது சரியா என்று சொல்ல, அந்த 1,860 ரூபாய் அப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜிபே, போன்பே, பேடிஎம் என்று எந்த ஆப்பில் அனுப்பினாலும் யுபிஐ பணம் போகும் பாதை ஒன்றுதான். ஆப் உங்கள் கட்டளையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகத்துக்கு, அதாவது என்பிசிஐக்கு, அனுப்புகிறது. நடுவில் உட்கார்ந்து எல்லா வங்கிகளையும் இணைப்பது அதுதான். அது முதலில் உங்கள் வங்கியிடம் “இவர் கணக்கில் இவ்வளவு கழி” என்று கேட்கும். “கழித்தாயிற்று” என்று பதில் வந்த பிறகே, கடைக்காரரின் வங்கியிடம் “இவர் கணக்கில் இவ்வளவு வரவு வை” என்று சொல்லும். அங்கிருந்தும் பதில் வந்த பின் இரண்டு பக்கத்துக்கும் ‘முடிந்தது’ என்று தகவல் போகும். ஒவ்வொரு பதிலுக்கும் கெடு உண்டு. முன்பு 30 விநாடியாக இருந்த முக்கியமான கெடுவை 2025 ஜூனில் 15 விநாடியாகக் குறைத்தார்கள்.

கெடுவுக்குள் ஒரு பதில் வராமல் போவதுதான் பெண்டிங். பணம் போகவில்லை என்பதும் அதற்குப் பொருள் அல்ல, போய்விட்டது என்பதும் அல்ல. பதிவுத் தபால் போட்டவருக்கு ஒப்புகை அட்டை திரும்பி வராத நிலை அது. தபால் போய்ச் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். அட்டை வரவில்லை என்பது மட்டும்தான் நிச்சயம்.

எந்தப் பதில் வரவில்லை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். உங்கள் வங்கியே பதில் சொல்லவில்லை என்றால், கடைக்காரரின் வங்கிக்குத் தகவலே போயிருக்காது. என்பிசிஐ அந்தப் பரிவர்த்தனையைத் தோல்வி என்று முடித்துவிட்டு, “ஒருவேளை கழித்திருந்தால் திருப்பி வை” என்று உங்கள் வங்கிக்குச் சொல்லும். சம்பள நாள், பண்டிகைக்கு முந்தின மாலை, நள்ளிரவில் வங்கிகள் கணினிப் பராமரிப்பு செய்யும் நேரம் இவற்றில் எல்லாம் இது அதிகம் நடக்கும். பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்து, ஆப்பில் ‘தோல்வி’ என்றும் வந்தால் பதறத் தேவையில்லை. அந்தப் பணம் கடைக்காரருக்குப் போகாது, உங்களிடமே திரும்பும்.

சிக்கல் பிடித்தது அடுத்த நிலை. உங்கள் வங்கி கழித்துவிட்டது, பதிலும் சொல்லிவிட்டது. கடைக்காரரின் வங்கிதான் மௌனம். அது வரவு வைத்துவிட்டு, பதில் சொல்வதற்குள் திணறியிருக்கலாம். வரவே வைக்காமலும் இருக்கலாம். நடுவில் இருக்கும் என்பிசிஐக்கு இது அந்த நொடியில் தெரியாது. அதனால் இதை வெற்றி பெற்றதாகவே கருதி, அந்தத் தொகையை வங்கிகளுக்கு இடையிலான கணக்குத் தீர்ப்பில் சேர்த்துக்கொள்கிறது. கடைக்காரரின் வங்கி பிறகு தன் பதிவேட்டைச் சரிபார்த்து, விடுபட்டிருந்தால் வரவு வைக்க வேண்டும். முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். திருச்சிக் கடையில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கழித்த செய்தி வந்துவிட்டது, கடைக்காரர் பக்கம் சத்தம் இல்லை, ஆப்பில் தோல்வி என்றும் வரவில்லை. மூன்றும் சேர்ந்தால் இந்த நிலை என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது மிகச் சாதாரணமானது. எல்லாம் முடிந்துவிட்டது, கடைசித் தகவல் மட்டும் உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை. அடித்தளக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சிக்னல் போய் இப்படி ஆகும். அங்கே ஸ்பீக்கர் ஏற்கெனவே கத்தியிருக்கும். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கடைக்காரரின் ஆப்பில் வரவு தெரியும். பெண்டிங் என்றதும் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான்.

சரி, நம்ம ஆள் கடைக்காரர் சொன்னபடி இரண்டாம் தடவை போட்டார் என்று கொள்வோம். இம்முறை சட்டென்று போய்விட்டது. ஸ்பீக்கரும் சொல்லிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை பார்த்தால், முதல் தடவை போட்டதும் ‘வெற்றி’ என்று மாறியிருக்கிறது. ஆக 3,720 ரூபாய்.

இங்கேதான் பலரும் தவறாக நம்பியிருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு, ஒரே தொகை, இரண்டே நிமிட இடைவெளியில் போனதால் வங்கி தானே கண்டுபிடித்துத் திருப்பிவிடும் என்று நினைக்கிறார்கள். திருப்பாது. ஒவ்வொரு தடவை பின் போடும்போதும் புதிதாக ஒரு பரிவர்த்தனை எண் உருவாகிறது. கணினியின் கண்ணுக்கு அவை ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத இரண்டு பட்டுவாடாக்கள். இரண்டுமே வெற்றி. தோல்வியுற்ற பணத்துக்குத்தான் தானாகத் திரும்பும் விதி உண்டு. வெற்றி பெற்றதைத் திரும்ப வாங்குவது கடைக்காரரின் மனசைப் பொறுத்தது. பழகிய அண்ணாச்சி என்றால் தந்துவிடுவார். நெடுஞ்சாலையோர உணவகம் என்றால் தேடிப் போவதற்குள் பணத்தைவிட பெட்ரோல் செலவு அதிகமாகும்.

ஆகவே, பெண்டிங் என்று இருக்கும்வரை அதே ஆளுக்கு அதே தொகையை மறுபடி போடாதீர்கள். ‘தோல்வி’ என்று தெளிவாக மாறிய பிறகு தாராளமாகப் போடலாம், கழிந்த பணம் இன்னும் திரும்பி வராவிட்டாலும்கூட. கணக்கில் மீதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழித்த குறுஞ்செய்தி வரவில்லை என்பதை மட்டும் நம்பி மறுபடி போட வேண்டாம். குறுஞ்செய்தி தாமதமாகவும் வரும். வங்கி ஆப்பில் மினி ஸ்டேட்மெண்ட்டைப் பார்ப்பது மேல்.

வரிசை நிற்கிறதே, என்ன செய்வது? கையில் காசு இருந்தால் காசாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போதே பெண்டிங் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில ஆப்களில் அதை யூடிஆர் என்றும், சிலவற்றில் யுபிஐ குறிப்பு எண் என்றும் போட்டிருப்பார்கள். அந்தப் பணம் பிறகு அவர் கணக்கில் ஏறினால் எந்த எண்ணில் ஏறியது என்று இருவருக்கும் தெரியும், பேச்சுக்கு இடமிருக்காது. கடைக்காரர்களும் வாடிக்கையாளரின் திரையை நம்பிப் பொருளைக் கொடுக்க வேண்டாம். ‘வெற்றி’ என்று போலியாகக் காட்டும் ஆப்கள் உலவுகின்றன. தன் கணக்கில் ஏறியதுதான் சாட்சி.

காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ‘நிலையைப் பார்’ என்ற பொத்தானை விடாமல் தட்டுவது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது நினைவிருக்கலாம். பழைய பரிவர்த்தனைகளின் நிலையைக் கேட்டுச் சில வங்கிகளின் கணினிகள் விடாமல் அனுப்பிய கேள்விகள் குவிந்ததே அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. பணம் என்னாயிற்று என்ற கேள்வியே பணம் போகும் வழியை அடைத்துவிட்டது! அதன் பிறகு 2025 ஆகஸ்ட் முதல், ஒரு பெண்டிங் பரிவர்த்தனையின் நிலையை மூன்று தடவைதான் கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 விநாடி இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. ஆகவே தொடர்ந்து தட்டிப் பயனில்லை. போனைச் சட்டைப்பையில் போடுங்கள்.

இருநூறு, முந்நூறு என்று சில்லறைச் செலவு அதிகம் உள்ளவர்கள் யுபிஐ லைட்டை இயக்கிக்கொள்வது நல்லது. அதில் முன்கூட்டி ஏற்றிவைத்த தொகையிலிருந்து பணம் போகும். ஒவ்வொரு டீக்கும் உங்கள் வங்கியின் கணக்குக் கணினியைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்வரை, இருப்பு 5,000 ரூபாய்வரை. பெண்டிங் அடியோடு ஒழியாது, ஆனால் தடுக்கி விழக்கூடிய இடங்களில் ஒன்று குறையும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் விடை இருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்பிவிட வேண்டும். கடைக்குக் கட்டியது கழிந்து, கடைக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாளுக்குள். இவை காலண்டர் நாட்கள்; ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் உண்டு. திருச்சி வாடிக்கையாளர் ஒன்றாம் தேதி கட்டினார் அல்லவா, கடைக்குப் போய்ச் சேராத பட்சத்தில் ஆறாம் தேதிக்குள் பணம் அவர் கணக்குக்கு வந்தாக வேண்டும். ஒரு சங்கடம்: தெருமுனைக் கடைகள் பலவற்றில் ஒட்டியிருப்பது உரிமையாளரின் சொந்தக் கணக்கின் க்யூஆர்தான். அதற்குப் போனால் அது தனிநபர் பட்டுவாடா. கெடு ஒரே நாள்.

இந்தக் கெடுவுக்கு முன் வங்கிக்கு ஓடுவது வீண். “தானாக வரும் சார்” என்றுதான் சொல்வார்கள், சொல்வதும் சரியே. கெடு தாண்டினால், ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் ஆகாவிட்டால் உங்கள் வங்கியில் எழுத்துப்பூர்வமாக. 30 நாளில் தீர்வு வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். பணம் திரும்ப வர வேண்டிய பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கவே அப்படிப் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் கேட்காமலேயே கணக்கில் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள். வைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.