பகடையின் மறைந்த பக்கம்: கழித்தல் முடியும் இடத்தில் திசை தொடங்குகிறது

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். நேரம் மூன்று மணி. கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 54 நொடிதான். இந்த 200-இல் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை. அதன் பாடத்திட்டத்தில் தர்க்க அறிவு என்ற தலைப்பின் கீழ் புதிர்களுக்கு அடுத்து நிற்கும் சொல் பகடை. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எழுதலாம் என்பதால் சிற்றூர்களிலிருந்தும் பல இளைஞர்கள் இந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒரே பகடையை இரண்டு மூன்று விதமாகத் திருப்பி வைத்துப் படம் கொடுத்து, “இந்த எண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் எது?” என்று கேட்பார்கள். இதற்குப் பல விதிகளை மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. உண்மையில் இரண்டே செய்திகளைப் புரிந்துகொண்டால் போதும்.

ஒரு படம் என்ன சொல்கிறது?

பகடைக்கு ஆறு பக்கங்கள். அவை மூன்று எதிர் ஜோடிகளாக அமைந்திருக்கின்றன. வினாத்தாளில் உள்ள படம் ஒரு மூலையில் சேரும் மூன்று பக்கங்களைக் காட்டுகிறது: மேல்பக்கம், முன்பக்கம், வலப்பக்கம். எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் பார்க்கவே முடியாது. ஆகவே ஒரு படத்தில் சேர்ந்து தெரியும் எந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று எதிர் ஆகா. இது முதல் செய்தி.

இதிலிருந்தே ஒரு பயனுள்ள வழி பிறக்கிறது. இரண்டு படங்களில் இரண்டு எண்கள் பொதுவாக இருந்தால், மீதமுள்ள எண்கள் இரண்டும் எதிரெதிர். ஏன் என்பதற்கு நீங்கள் இருக்கும் அறையையே பாருங்கள். தரையும் கிழக்குச் சுவரும் சேரும் கோட்டின் ஒரு முனையில் வடக்குச் சுவர் வந்து சேர்கிறது, மறுமுனையில் தெற்குச் சுவர். அந்தக் கோட்டோடு சேர வேறு சுவர் இல்லை. பகடையிலும் அப்படித்தான். அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ஒரு விளிம்பில் சேர்கின்றன. அந்த விளிம்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பக்கம் வந்து சேர்கிறது. அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களே.

ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஒரே பகடையின் மூன்று படங்கள்:

முதல் படம்: மேலே 1, வலப்பக்கம் 2, முன்பக்கம் 3.
இரண்டாம் படம்: மேலே 6, வலப்பக்கம் 5, முன்பக்கம் 1.
மூன்றாம் படம்: மேலே 4, வலப்பக்கம் 3, முன்பக்கம் 2.

கேள்வி: 2-க்கு எதிரே எது?

முதலில் பொது எண்களைத் தேடுவோம். முதல் படத்திலும் மூன்றாம் படத்திலும் 2, 3 இரண்டும் இருக்கின்றன. மிஞ்சுவது ஒன்றில் 1, மற்றதில் 4. ஆகவே 1-க்கு எதிர் 4. ஒரு ஜோடி கிடைத்துவிட்டது.

இதையே வேறு வழியிலும் பெறலாம். முதல் படத்தில் 1-இன் பக்கத்தில் 2, 3. இரண்டாம் படத்தில் அதே 1-இன் பக்கத்தில் 6, 5. எந்தப் பக்கத்துக்கும் அண்டைப் பக்கங்கள் நான்குதான். 1-க்கு அந்த நான்கும் தெரிந்துவிட்டதால், எங்கும் வராத 4 அதற்கு எதிர். மூன்றாம் படம் இல்லாவிட்டாலும் இந்த ஜோடி கிடைத்திருக்கும்.

இனி 2, 3, 5, 6 ஆகிய நான்கும் மீதி. 2-உம் 3-உம் ஒரே படத்தில் தெரிகின்றன, எனவே அவை எதிர் அல்ல. 5-உம் 6-உம் அப்படியே. ஆகவே 2-க்கு எதிர் 5 அல்லது 6. இதற்கு மேல் கழித்துக் கழித்து நகர முடியாது. சேர்ந்து தெரிபவை எதிர் அல்ல என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு மூன்று படங்களையும் எத்தனை முறை பார்த்தாலும் இரண்டு விடைகள் அப்படியே நிற்கும்.

இரண்டாவது செய்தி: திசை

படத்தில் எண்கள் மட்டும் இல்லை, அவை நிற்கும் வரிசையும் இருக்கிறது. மூன்று பக்கங்களும் சேரும் மூலையில் விரலை வையுங்கள். அதைச் சுற்றிக் கடிகார முள் சுழலும் திசையில் படியுங்கள்: மேல்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு முன்பக்கம். பகடையை எப்படி உருட்டினாலும் ஒரு மூலையைச் சுற்றியுள்ள இந்த வரிசை மாறாது. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது மட்டுமே மாறும்.

முதல் இரண்டு படங்களிலும் பொதுவான எண்ணிலிருந்து தொடங்குவோம்.

முதல் படம்: 1, 2, 3.
இரண்டாம் படத்தில் மேலிருந்து படித்தால் 6, 5, 1. அதையே 1-இலிருந்து தொடங்கினால் 1, 6, 5.

இவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 2-இன் கீழே 6 வருகிறது, 3-இன் கீழே 5 வருகிறது. அவையே எதிர் ஜோடிகள். விடை 6.

இது ஏன் சரி என்று பார்க்க, 1-ஐ மேல்பக்கமாக வைத்து மேலிருந்து நோக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி நான்கு பக்கங்கள் வளையமாக நிற்கும். முதல் படத்தின்படி, கடிகாரத் திசையில் 2-ஐ அடுத்து 3 வருகிறது. இரண்டாம் படத்தின்படி, அதே திசையில் 6-ஐ அடுத்து 5 வருகிறது. இரண்டையும் சேர்த்தால் வளையம் 2, 3, 6, 5 என்று மட்டுமே அமைய முடியும். நான்கு பேர் வட்டமாக நின்றால் ஒருவர் தள்ளி நிற்பவரே எதிரில் இருப்பவர். 2-க்கு ஒன்று தள்ளி 6, 3-க்கு ஒன்று தள்ளி 5.

தவறு எங்கே நேர்கிறது?

ஒரு படத்தைக் கடிகாரத் திசையிலும் மற்றதை எதிர்த்திசையிலும் படித்துவிடுவது முதல் தவறு. இரண்டாம் படத்தை 1, 5, 6 என்று படித்தால் 2-க்கு எதிர் 5 என்று வரும். கழித்தலில் நம்மிடம் எஞ்சியிருந்த இன்னொரு விடை அதுதான் என்பதைக் கவனியுங்கள். அது எந்தப் படத்தோடும் வெளிப்படையாக மோதாது, அதனால் தவறு என்று உறைக்கவும் உறைக்காது. இரண்டையும் எதிர்த்திசையிலேயே படித்தாலும் விடை சரியாகவே வரும். இரண்டுக்கும் ஒரே திசை என்பதே தேவை.

இரண்டாவது தவறு, எதிர்ப்பக்கங்களின் கூட்டுத்தொகை 7 என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது. கடையில் வாங்கும் பகடையில் 1-க்கு எதிர் 6, 2-க்கு எதிர் 5, 3-க்கு எதிர் 4 என்பது வழக்கம். ஆனால் கனசதுரத்தின் அமைப்பு அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. மொகஞ்சதாரோ அகழாய்வில் கிடைத்த கனசதுரப் பகடைகளில் 1-க்கு எதிர் 2, 3-க்கு எதிர் 4, 5-க்கு எதிர் 6 என்ற அமைப்பு இருந்ததை ஜான் மார்ஷல் வெளியிட்ட அகழாய்வு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. தேர்வுத்தாளின் பகடையும் தன் விருப்பப்படி எண்களை வைத்துக்கொள்ளலாம். சோதனை எளிது: கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் ஏதாவது ஒரு படத்தில் சேர்ந்து தெரிந்தால் அது கடைப் பகடை அல்ல. நம் கணக்கின் இரண்டாம் படத்தில் 6-உம் 1-உம் சேர்ந்தே நிற்கின்றன. இதைக் கவனிக்காமல் 7-ஐ நம்பியவருக்கும் 2-க்கு எதிர் 5 என்ற அதே தவறான விடைதான் கிடைக்கும்.

படங்கள் போதாமல் போவது எப்போது?

இரண்டு படங்களில் ஒரு எண்கூடப் பொதுவாக இல்லை என்று வையுங்கள். ஒன்றில் கடிகாரத் திசையில் 1, 2, 3. மற்றதில் 4, 5, 6. இவை எதிரெதிர் மூலைகளிலிருந்து பார்த்த படங்கள். எதிர்மூலையில் எதிர்ப்பக்கங்களின் வரிசை தலைகீழாகத் தெரியும். திசையைக் கணக்கில் எடுத்த பின்னும் மூன்று அமைப்புகள் பொருந்தும்: 1-4, 2-6, 3-5 ஒன்று, 1-5, 2-4, 3-6 இன்னொன்று, 1-6, 2-5, 3-4 மூன்றாவது. எது சரி என்று இந்த இரண்டு படங்களால் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது படம் ஒன்று இருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிடைத்த விடையைச் சரிபார்க்க அது உதவும். ஒரு மூலையில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதன் எதிர்ப்பக்கத்தை எழுதினால், சுற்றும் வரிசை தலைகீழாக வேண்டும். முதல் படம் 1, 2, 3. இதில் 1-க்குப் பதில் 4 வந்தால் கடிகாரத் திசையில் 4, 3, 2 என்று தெரிய வேண்டும். நம் மூன்றாம் படம் அப்படித்தான் இருக்கிறது. அதில் 4, 2, 3 என்று அச்சாகியிருந்தால் மூன்று படங்களும் ஒரே பகடையுடையவை அல்ல. பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கணக்குக்கு இரண்டு வழியில் இரண்டு விடை வந்தால், உங்கள் முறையைச் சந்தேகிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

தேர்வில் செய்ய வேண்டிய வரிசை இதுதான். கேட்ட எண்ணோடு சேர்ந்து தெரியும் எண்களையெல்லாம் அடித்துவிடுங்கள். ஒரே எண் மிஞ்சினால் அதுவே விடை. இரண்டு மிஞ்சினால், பொது எண் உள்ள இரண்டு படங்களை எடுத்து, அந்தப் பொது எண்ணிலிருந்து ஒரே திசையில் படித்து ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கேட்ட எண் அந்த வரிகளில் ஒன்றில் இருந்தால், அதற்கு நேராக மற்ற வரியில் நிற்பது விடை. பொது எண்கள் இரண்டு இருக்கும் படங்களுக்கு இந்த எழுத்து வேலை தேவையில்லை. அங்கே மீதமுள்ள இரண்டும் எதிரெதிர் என்று பார்த்தவுடனே எழுதிவிடலாம்.