அம்பரா, கோபலா, பிளாஸ்டிக்கா? உப்புத் தண்ணீர் சொல்வதும் சொல்லாததும்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் அம்பர் துண்டு இருக்கிறது. அதற்குள் ஓர் ஈ. 1922-ல் அருங்காட்சியகம் வாங்கிய துண்டு அது. பால்டிக் கடலோரத்து அம்பர் என்பதால், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய ஈ என்றே நம்பினார்கள். ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1966-ல் அதை ஆராய்ந்து, இன்றும் கழிப்பறைகளைச் சுற்றிப் பறக்கும் ஈ இனம்தான் இது என்று எழுதினார். இத்தனை கோடி ஆண்டுகளில் ஓர் ஈ கொஞ்சம்கூட மாறவில்லையா என்று வியந்தவர்கள் உண்டு, சந்தேகப்பட்டவர்கள் இல்லை.

1993-ல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கின் சூட்டில், ஈயைச் சுற்றி மெல்லிய விரிசல் ஒன்று தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. யாரோ ஒருவர் அம்பரை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, ஈயை உள்ளே வைத்து, மறுபாதியை ஒட்டியிருக்கிறார்!

இதில் கவனிக்க வேண்டியது, அம்பர் அசல். ஈதான் போலி. அந்தத் துண்டை எந்த வீட்டுச் சோதனையில் போட்டிருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும்.

அம்பர் என்பது கல் அல்ல. பழங்கால மரங்கள் வடித்த பிசின், மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகள் கிடந்து இறுகிப்போனது. (வாசனைத் திரவியத்துக்குப் பயன்படும் திமிங்கலத்து அம்பர் வேறு. பெயரில் மட்டும்தான் குழப்பம்.) கோபலும் மரப்பிசின்தான். ஆனால் வயது சில நூறு ஆண்டுகள், மிஞ்சினால் சில ஆயிரம் ஆண்டுகள். மடகாஸ்கரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் நிறைய வருகிறது. நம் வீட்டில் புகை போடும் குங்கிலியத்தை நினைத்துக்கொண்டால், அதற்கும் அம்பருக்கும் நடுவில் நிற்கும் பொருள் கோபல். இன்னும் முழுதாக இறுகாததால்தான் அது சோதனையில் மாட்டிக்கொள்கிறது.

பலரும் முதலில் செய்வது, துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிறதா என்று பார்ப்பது. அம்பர் இழுக்கும். 'எலக்ட்ரிசிட்டி' என்ற சொல்லே அம்பருக்கான கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் தலைவாரும் பிளாஸ்டிக் சீப்பும் காகிதத்தை இழுக்குமே! ஆகவே இந்தச் சோதனையால் பயனில்லை.

உருப்படியானது உப்புத் தண்ணீர்தான். 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பு, அதாவது சுமார் மூன்று மேசைக்கரண்டி. முழுதாகக் கரையும்வரை கலக்கி, மணியைப் போட வேண்டும். அம்பர் சாதாரணத் தண்ணீரைவிடக் கொஞ்சம் மட்டுமே கனமானது. வெறும் தண்ணீரில் மூழ்கும் அது, இந்த உப்புத் தண்ணீரில் மிதக்கும். கண்ணாடி, பேக்லைட், அக்ரிலிக் ஆகியவை அடியில் போய் உட்காரும்.

இங்கே ஒரு தவறு நடப்பதுண்டு. 'எவ்வளவு உப்பு போட்டாலும் நல்லதுதானே' என்று இனிமேல் கரையாது என்ற அளவுக்கு அள்ளிப் போட்டால், தண்ணீர் அதிகம் கனமாகி அக்ரிலிக்கும் மிதக்கத் தொடங்கிவிடும். குறைத்துப் போட்டாலோ அம்பரே மூழ்கும். அதனால் உப்பை எடை போட்டுக்கொள்வது நல்லது. மணியின் துளையில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மிதப்பது போலத் தோன்றும். கரண்டியால் தட்டிவிட வேண்டும். வெள்ளிக் கொக்கி போட்ட டாலரை அப்படியே போட்டால் உலோகத்தின் கனத்தில் அசலும் மூழ்கும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

அடியில் போய்விட்டால் அது அம்பர் இல்லை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். மிதந்தால்? கோபலும் மிதக்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கும் மிதக்கும். இந்தச் சோதனை 'இது இல்லை' என்று சொல்லும். 'இதுதான்' என்று சொல்லாது.

மிதந்தவற்றில் கோபலைப் பிரிக்க அசிட்டோன் உதவும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பல வகைகளில் இப்போது அசிட்டோன் இருப்பதில்லை; லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் எரியாத இடத்தில், மணியின் துளையோரம் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் கோபலாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்பர் பொதுவாக அசையாது.

ஆனால் பாலிஸ்டைரீனும் அசிட்டோனில் இளகும். அசல் அம்பர்மேல் பூசிய வார்னிஷும் பிசுபிசுக்கும். இதற்கு நேர்மாறாக, கோபலைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து இறுக வைக்கிறார்கள். 'பச்சை அம்பர்' என்று விற்பனைக்கு வருவதில் இப்படிப்பட்டவை உண்டு. இவற்றிடம் அசிட்டோன் சொட்டு தோற்றுப்போகலாம். இதைவிட வேடிக்கை குஜராத்தில். அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் காம்பே அம்பருக்கு வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இருந்தும் அது முழுதாக இறுகாமல், டொலுயீன் போன்ற கரைப்பான்களில் கரைந்துவிடுகிறது. ஆய்வாளர்களுக்கு அது வரம். அம்பரைக் கரைத்துப் பூச்சியைத் தனியே வெளியே எடுத்திருக்கிறார்கள். கரைவது இளசு, கரையாதது பழசு என்ற கணக்கு எப்போதும் சரிவராது.

சுட்ட ஊசிச் சோதனையைக் கடைசிக்கு வைக்கலாம். வேண்டாம் என்று விட்டாலும் நஷ்டமில்லை. சுட்ட ஊசிமுனையைத் துளையோரம் வைத்தால் அம்பரில் பைன் மர வாசனை வரும். கோபல் சட்டென்று உருகி ஊசியில் ஒட்டும். பிளாஸ்டிக்கில் மூக்கை எரிக்கும் நெடி. ஊசி பட்ட தழும்பு போகாது, விலையும் குறையும். போதாக்குறைக்கு அம்பர் நொறுங்கும் தன்மையுள்ளது, ஓரம் தெறித்துவிடலாம்.

இத்தனையும் தாண்டி ஒரு வகை நிற்கும். அம்பரை வெட்டும்போது விழும் சில்லுகளைச் சூடாக்கி அழுத்தி ஒரே கட்டியாக்குவார்கள். 19-ம் நூற்றாண்டிலிருந்தே இது நடக்கிறது. மிதக்கும், அசிட்டோனுக்கு அசையாது, ஊசி பட்டால் பைன் வாசனையும் தரும். பொருள் அம்பர்தானே, பிறகென்ன? கேள்வி விலையில்தான். முழுத் துண்டின் விலைக்குச் சில்லுக்கட்டி விற்கப்படுகிறது. பெரிதாக்கும் கண்ணாடி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், ஒரே திசையில் நீண்டு நசுங்கிய குமிழிகளும் துண்டுகள் சேர்ந்த கோடுகளும் சில நேரம் தெரியும்.

பூச்சி இருக்கும் துண்டுக்கும் அதே கண்ணாடிதான் கை கொடுக்கும். பெரிய பூச்சி, நட்டநடுவில், கால்களை அழகாக விரித்து போஸ் கொடுத்தால் சந்தேகப்படலாம். பிசினில் சிக்கிய உயிர் தவித்திருக்கும். பெரும்பாலும் குட்டிக் கொசு, எறும்பு போன்றவைதான் மாட்டும். கூடவே குப்பை, பட்டைத்தூள், குமிழிகள். பூச்சியைச் சுற்றி வட்டமாகவோ நேர்கோடாகவோ ஒட்டுத் தடம் தெரிகிறதா என்று துண்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

விலை ஆயிரங்களில் போகும்போது ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவதே சரி. அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது எந்த அளவில் உறிஞ்சப்படுகிறது என்று வரைபடம் எடுப்பார்கள். பால்டிக் அம்பருக்கு அந்தக் கோட்டில் தோள்பட்டை போன்ற ஒரு சரிவு வரும், கோபலுக்கு வராது. மணிக்கும் சேதமில்லை. பூச்சி உள்ள துண்டு என்றால் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்துத் தரச் சொல்லித் தனியே கேட்க வேண்டும். அகச்சிவப்பு வரைபடம் பிசினைப் பற்றித்தான் பேசும், ஈயைப் பற்றி அல்ல.