ஒரு வரி நான்காகும் விதம்: சிம்பல் டேபிளும் மூன்று முகவரிக் குறிமுறையும்

நிரலில் வரும் மாறிகளின் பெயர்களையும் அவற்றைப் பற்றிய விவரங்களையும் கம்பைலர் பதிந்துவைக்கும் பேரேடு சிம்பல் டேபிள். அந்த விவரங்களைப் பார்த்து, நீண்ட ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒரே செயல் என்று சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்து எழுதுவது மூன்று முகவரிக் குறிமுறை. கம்பைலர் பாடத்தின் ஆய்வக வகுப்பில் இவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனிப் பயிற்சிகளாக வருகின்றன. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் சரியாக எழுத முடியாது. சி மொழியில் அமைந்த கீழ்க்கண்ட மூன்று வரிகளே அதைக் காட்டப் போதும்.

```
int a, b;
float x;
x = a / b + x;
```

முதல் இரண்டு வரிகள் அறிவிப்புகள். `int` என்ற சொல்லைக் கண்டதும் கம்பைலர் அந்த வகையை நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு பெயரையும் அதே வகையோடு அட்டவணையில் சேர்க்கிறது. `int`, `float` இரண்டுக்கும் தலா 4 பைட் என்று கொண்டால், முதல் பெயருக்கு இடம் 0-இல் தொடங்கும். அடுத்தடுத்த பெயர்களுக்கு அது நான்கு நான்காகக் கூடும்.

```
name   type    width   offset
a      int     4       0
b      int     4       4
x      float   4       8
```

அட்டவணையின் மீது நடக்கும் வேலைகள் இரண்டே: சேர்ப்பது, தேடுவது. பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தேடல் தாமதமாகாதபடி ஹாஷ் முறையில் அமைப்பது வழக்கம். அறிவிப்பு வரியில் மட்டுமே சேர்க்க வேண்டும். மற்ற இடங்களில் தேட மட்டுமே வேண்டும். சொற்களைப் பிரித்தெடுக்கும் லெக்ஸ் பகுதியிலேயே, கண்ணில் படும் பெயரையெல்லாம் அட்டவணையில் சேர்த்துவிடுவது மாணவர்களின் நிரல்களில் அடிக்கடி காணப்படும் பிழை. அப்படிச் செய்தால் அறிவிக்கப்படாத மாறியும் அட்டவணைக்குள் நுழைந்துவிடும். பிறகு தேடும்போது அது கிடைத்துவிடுவதால் பிழைச் செய்தி வரவே வராது. அறிவிக்காத `y`-ஐ வைத்து `y = a + 2;` என்று ஒரு வரி கொடுத்துப் பார்த்தால் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும். அதுபோல, ஒரே பெயரை ஒரே தொகுதிக்குள் இருமுறை அறிவிப்பதைப் பிடிக்க, சேர்ப்பதற்கு முன்பும் ஒருமுறை தேட வேண்டும். உள்தொகுதியில் புதிதாக ஓர் `a` வந்தால் அது பிழையாகாது. தொகுதிக்கு ஓர் அட்டவணை வைத்து, தேடலை உள்ளிருந்து வெளியே கொண்டுசென்றால் போதும்.

இன்னொரு பிழை இதைவிடக் குழப்பமானது. லெக்ஸ் தான் படித்த சொல்லை `yytext` என்ற இடத்தில் வைத்துத் தருகிறது. அடுத்த சொல்லைப் படித்ததும் அந்த இடம் மாறிவிடும். பெயரை நகலெடுக்காமல் அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டால், `a` இருக்க வேண்டிய இடத்தில் `a,` என்று காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அட்டவணையை அச்சிட்டுப் பார்த்தால் பெயர்களில் இப்படிப்பட்ட வால் தெரியும். `strdup(yytext)` என்று நகலெடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது வரியில்தான் கணக்கு தொடங்குகிறது. மூன்று முகவரிக் குறிமுறையின் ஒரு கட்டளையில் அதிகபட்சம் மூன்று முகவரிகள் இருக்கலாம்: எடுக்கும் இடங்கள் இரண்டு, வைக்கும் இடம் ஒன்று. `a / b + x`-இல் செயல்கள் இரண்டு இருப்பதால், இடையில் வரும் விடையை வைக்க ஒரு தற்காலிக இடம் தேவை. அதற்கு `t1`, `t2` என்று கம்பைலரே பெயர் சூட்டுகிறது. யாக்கில் எழுதும் இலக்கண விதி ஒவ்வொன்றோடும் இந்த வேலை இணைந்திருக்கும்.

```
E : E '+' E { $$ = newtemp();
              emit($$, $1, '+', $3); }
```

கூட்டலின் இரு பக்கங்களும் கணக்கிடப்பட்ட பிறகே இந்த விதி செயல்படும். அதனால் கட்டளைகள் உள்ளிருந்து வெளியே, சரியான வரிசையில் தாமாகவே வந்து விழுகின்றன. ஆனால் மேலே உள்ள விதி வகையைப் பார்க்கவில்லை. `emit`-க்கு முன் இரு பக்கங்களின் வகையையும் அட்டவணையில் பார்த்து, ஒன்று `int`, மற்றது `float` என்றால் முழு எண்ணைத் தசம எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்றையும் சேர்க்க வேண்டும். அந்தச் சோதனையையும் சேர்த்த பிறகு கிடைப்பது இது:

```
t1 = a / b
t2 = inttofloat t1
t3 = t2 + x
x  = t3
```

`a`-இன் மதிப்பு 5, `b`-இன் மதிப்பு 2, `x`-இன் மதிப்பு 1.0 என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரை, அதோடு ஒன்றைக் கூட்டினால் 3.5 என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் `x`-இல் வந்து நிற்பது 3.0. காரணம் முதல் கட்டளையிலேயே இருக்கிறது. `a`, `b` இரண்டும் `int` என்று அட்டவணை சொல்வதால் அங்கே நடப்பது முழு எண் வகுத்தல்; `t1`-இல் 2 மட்டுமே மிஞ்சுகிறது. இரண்டாவது கட்டளை அதை 2.0 ஆக்கினாலும், உதிர்ந்த அரை திரும்பி வராது. விடை போய்ச் சேரும் `x` எந்த வகை என்பதற்கு இந்த வகுத்தலில் பங்கே இல்லை. ஒவ்வொரு செயலின் வகையையும் அதன் இரு பக்கங்களில் நிற்பவையே தீர்மானிக்கின்றன. `(float)a / b + x` என்று எழுதினால் மாற்றக் கட்டளைகள் வகுத்தலுக்கு முன்பே வந்துவிடும், அப்போது 3.5 கிடைக்கும். `x`-இன் வகை கணக்கில் வருவது கடைசிக் கட்டளையில்தான். `x` முழு எண்ணாக இருந்து வலப்பக்கம் தசமமாக இருந்தால், சி மொழி தசமப் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும். ஜாவா அதைப் பிழை என்று நிறுத்திவிடும்.

தற்காலிக இடங்களுக்கும் வகை உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. `t1` முழு எண், `t2`-உம் `t3`-உம் தசமம். அவற்றையும் அட்டவணையில் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது கட்டளைக்கு வரும்போது எதை எதனோடு கூட்டுகிறோம் என்று கம்பைலருக்குத் தெரியாது.

செயல்களுக்குள் எது முந்துவது என்பதையும் யாக்கிடம் சொல்லிவைக்க வேண்டும்.

```
%left '+' '-'
%left '*' '/'
```

கீழே உள்ள வரிக்கு முன்னுரிமை அதிகம். இந்த இரு வரிகளும் விடுபட்டால் யாக் `shift/reduce conflict` என்று எச்சரிக்கும். ஆனால் வேலையை நிறுத்தாது, அடுத்த குறியை உள்ளே இழுத்துக்கொண்டு தொடரும். அதன் விளைவாக நம் வரி `a / (b + x)` என்று பொருள்பட்டு, முதல் கட்டளையாக `b`-ஐத் தசமமாக்குவதும் அடுத்ததாகக் கூட்டலும் வரும். விடை 1.67 அளவில் நிற்கும். `a + b * x` என்ற வரியை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியாமலே போகும், ஏனென்றால் அங்கே பெருக்கல் வலப்பக்கம் இருப்பதால் தவறான வழியிலும் சரியான விடையே வரும். `a / b + x` போலவும் `a - b - x` போலவும் உள்ள வரிகளே இதைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டளைகளைக் கணினியின் நினைவகத்தில் வைக்கும்போது செயல், முதல் முகவரி, இரண்டாவது முகவரி, விடையின் முகவரி என நான்கு கட்டங்கள் கொண்ட வரிசைகளாக வைப்பார்கள். இதற்குக் குவாட்ரபிள் என்று பெயர். கட்டங்களில் பெயரின் எழுத்துகளுக்குப் பதிலாக, சிம்பல் டேபிளில் அந்தப் பெயர் இருக்கும் வரிசையின் முகவரியை வைப்பதே நல்லது. ஒரே பெயரில் இரண்டு மாறிகள் வெவ்வேறு தொகுதிகளில் இருந்தாலும் அப்போது குழப்பம் வராது.

இப்படிக் கிடைக்கும் குறிமுறையில் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. `t3`-இல் கூட்டி வைத்து, பிறகு அதை `x`-க்கு மாற்றுவது இரட்டை வேலை. நேராக `x = t2 + x` என்றே எழுதியிருக்கலாம். ஆனால் விதிகள் எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த நிலையில் அதைப் பொருட்படுத்துவதில்லை. தேவையற்ற நகல்களைக் களைவது அடுத்து வரும் மேம்படுத்தும் கட்டத்தின் வேலை. `t1`, `t2` ஆகியவற்றுக்குப் பதிவகங்களை ஒதுக்குவது அதற்கும் பின்னால் வரும் இயந்திரக் குறிமுறைக் கட்டத்தின் வேலை.