விற்ற புட் கட்டும் விலை

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. வார இறுதியில் வெளியான தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி பங்குச்சந்தை துள்ளி எழுந்தது; நிஃப்டி 23,263.90-ல் முடிந்தது. இன்னும் ஏறும் என்று நம்பியவர் அன்று மாலை என்ன செய்திருக்கலாம்?

மாதக் கடைசி எக்ஸ்பைரிக்கு 23,800 கால் ஆப்ஷன் வாங்கலாம். அதன் பிரீமியம் 250 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிஃப்டி 24,050-ஐத் தாண்டினால்தான் அந்தப் பணமே திரும்பும். இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ரிஸ்க் ரிவர்சல். அதே எக்ஸ்பைரியில் 22,500 புட்டை 250 ரூபாய்க்கு விற்றால், வரும் பணம் காலின் விலைக்குச் சரியாகிவிடும். கையிலிருந்து பிரீமியம் எதுவும் போகவில்லை.

கால் ஸ்ட்ரைக் 536 புள்ளி மேலே இருக்க, புட் 764 புள்ளி கீழே இருப்பதைக் கவனிக்க வேண்டும். சரிவுக்குப் பயந்து புட் வாங்குவோர் எப்போதும் அதிகம். அதனால் இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் தொலைவான புட்டுக்கும் நல்ல விலை கிடைக்கிறது. ஏற்றத்தை எதிர்பார்ப்பவருக்கு இந்த அமைப்பு பிடித்துப்போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் செலவில்லை என்பதற்கு நஷ்டமில்லை என்று பொருளல்ல. புட்டை விற்றவர், நிஃப்டி 22,500-க்குக் கீழே போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். அதற்காகத்தான் புரோக்கர் மார்ஜின் பிடித்து வைக்கிறார்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பாஜக 240 இடங்களில் நின்றது. நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,884.50-ல் முடிந்தது. விற்ற புட்டைத் திரும்ப வாங்க யூனிட்டுக்கு 615 ரூபாயாவது வேண்டும். பதற்றத்தில் பிரீமியம் வீங்கும்போது அதற்கும் மேல்தான் கேட்பார்கள். வாங்கிய காலோ கரைந்துபோயிருக்கும். 50 யூனிட் என்றால் புட்டை மூட மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல். அதே நாளில் மார்ஜின் தேவையும் கூடும். கூடுதல் பணம் கட்ட முடியாதவரின் பொசிஷனை புரோக்கரே மூடிவிடலாம். நஷ்டம் அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும்.

வேதனை என்னவென்றால், அவருடைய கணிப்பு சரியாகவே இருந்தது. ஜூன் 27 எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,044.50. புட் மதிப்பில்லாமல் காலாவதியானது, கால் 244.50 ரூபாய் தந்தது. தனியாகக் கால் மட்டும் வாங்கியிருந்தால் 250 ரூபாய் செலவுக்குப் பின் ஐந்தரை ரூபாய் நஷ்டம். ரிஸ்க் ரிவர்சல் போட்டு, ஜூன் 4-ஐத் தாங்கியவருக்கோ 244.50-ம் லாபம். இரண்டுக்கும் இடையே நின்றது கையிருப்புப் பணம் மட்டுமே.

தனிப் பங்குகளில் இன்னொரு சுமையும் உண்டு. எக்ஸ்பைரியில் பங்கு விலை ஸ்ட்ரைக்கிற்குக் கீழே இருந்தால், புட் விற்றவர் முழுப் பணம் கொடுத்துப் பங்குகளையே டெலிவரி எடுக்க வேண்டும்.

புட்டை விற்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள்: நாளை ஒரே நாளில் ஆறு சதவீதம் விழுந்தால், கூடுதல் மார்ஜினைக் கட்டப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் லாட்டைக் குறையுங்கள், அல்லது பிரீமியம் கொடுத்துக் காலை மட்டும் வாங்குங்கள்.